"பரவலும் காரணிகளும்"னு முடியற தலைப்பு ஆய்வு இல்லை (நீண்ட த்ரெட்)

1/ முதல் ஆய்வு பண்ணப் போற எம்பிபிஎஸ், எம்டி தம்பி தங்கச்சிகளுக்கும், அவங்க சினாப்சிஸ்ல கையெழுத்துப் போடற கைடுகளுக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் காரமா இருக்கும். பொறுத்துக்கோங்க.

2/ காஞ்சிபுரம் சுற்று வட்டாரத்துல கம்யூனிட்டி மெடிசின் ஆய்வுன்னா தலைப்பு கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்: "பட்டு நெசவாளர்களிடையே மூட்டு, தசை வலியின் பரவலும் அதன் காரணிகளும்". ஹைப்பாதிசிஸ் என்ற கட்டத்துல "பொருந்தாது"ன்னு இருக்கும். இல்லன்னா "நெசவுக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கலாம்"னு ஒரு வரி இருக்கும். "இருக்கலாம்" என்ற சொல் வந்த உடனே அந்த வரி செத்துப்போச்சு. ஏன்னா எந்த முடிவு வந்தாலும் அது உண்மைதான். தொடர்பு இருந்தாலும் "இருக்கலாம்" சரி, இல்லாட்டியும் சரி.

3/ "சார், பரவல் ஆய்வுக்கு ஹைப்பாதிசிஸ் தேவையில்லன்னு புக்லயே இருக்கே?" உண்மைதான். எத்தனை பேருக்கு வலின்னு எண்ணறது மட்டும்தான் வேலைன்னா ஹைப்பாதிசிஸ் வேண்டாம். எண்ணிச் சொல்லுங்க, அது நேர்மையான வேலை. என் சண்டை தலைப்போட வால்ல ஒட்டிக்கிட்டு வர்ற "காரணிகளும்" கூட மட்டும்தான்.

4/ அந்த வால் என்ன செய்யும் தெரியுமா? வயசு, எடை, படிப்பு, வருமானம், வெற்றிலை, புகை, வேலை நேரம்னு 20 விஷயத்தைக் கேட்டு, ஒவ்வொன்னையும் வலியோட சேர்த்து டெஸ்ட் போடுவாங்க. அந்த 20ல எதுக்குமே உண்மையில வலியோட சம்பந்தம் இல்ல, ஒன்னோட ஒன்னு தொடர்பும் இல்லன்னு வச்சுக்கோங்க. அப்பவும் ஒன்னாவது பி வேல்யூ 0.05க்குக் கீழ வர வாய்ப்பு 64 சதவீதம். 0.95ஐ 20 தடவை பெருக்கி 1ல இருந்து கழிச்சுப் பாருங்க. தற்செயலா வலையில மாட்டின அந்த மீனுக்குத்தான் விவாதப் பகுதியில ரெண்டு பக்கம் காரணம் எழுதறோம்.

5/ கேள்வியை ஹைப்பாதிசிஸா மாத்தறது எப்படின்னு பார்க்க வெளிநாடு போக வேண்டாம். 1956ல சென்னையில காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினாங்க. இன்னைக்கு சேத்துப்பட்டுல இருக்கற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆரம்பம் அதுதான். அன்னைக்கு எல்லார் வாயிலயும் இருந்த கேள்வி, "காசநோயை வீட்டுலயே வச்சுக் குணப்படுத்த முடியுமா?" இந்தக் கேள்வியை இப்படியே வச்சிருந்தா பட்டிமன்றம் நடத்தலாம், ஆய்வு நடத்த முடியாது.

6/ அவங்க அதை எப்படி இறுக்கினாங்கன்னு பாருங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட், பாஸ். காலம் ஒரு வருஷம். யார் வீட்டுல, யார் சானடோரியத்துலன்னு முடிவு பண்ணது குலுக்கல் முறை. முக்கியமா பார்த்தது வருஷக் கடைசியில சளியில கிருமி இருக்கா இல்லையா. ஓய்வும் நல்ல சாப்பாடும் காத்தோட்டமும்தான் குணப்படுத்துதுன்னா வீட்டுப் பக்கம் தெளிவா தோத்திருக்கணும். நெருக்கடியான வீடு, பத்தாத சாப்பாடுன்னு எல்லாமே அவங்களுக்கு எதிரா இருந்துச்சு. 1959ல வெளிவந்த முடிவுல ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டுல இருந்தவங்களுக்கு நோய் தொத்துதான்னும் தனியா பார்த்தாங்க. அதுலயும் வீட்டுச் சிகிச்சையால ஆபத்து கூடல.

7/ இதுல கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வு தோக்கறதுக்கு இடம் வச்சிருந்துச்சு. எந்த முடிவு வந்தா வீட்டுச் சிகிச்சையைக் கைவிடணும்னு முன்னாடியே சொல்ல முடிஞ்சுது. சோதிக்கக்கூடிய ஹைப்பாதிசிஸ்க்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே அடையாளம் இதுதான்.

8/ இப்ப நம்ம தறிக்கு வருவோம். கேள்வி: "தறி நெய்யறதால முழங்கால் வலி வருமா?" ஐசிஎம்ஆர் மாணவர் ஆய்வுத் திட்டத்துல உங்க கையில இருக்கறது 2 மாசம். அதுக்குள்ள முடியற மாதிரி இதை ஒவ்வொரு படியா இறுக்கலாம்.

9/ முதல் படி: யாரோட ஒப்பிடறீங்க? வழக்கமா பண்றது நெசவாளர் ஒரு பக்கம், ஆபீஸ்காரர் ஒரு பக்கம். வயசு, உடம்பு எடை, வருமானம், டாக்டரைப் பார்க்கற பழக்கம்னு இவங்க எல்லாத்துலயும் வேற வேற. வித்தியாசம் வந்தா தறியாலன்னு எப்படிச் சொல்வீங்க? அதனால ஒப்பீட்டை நெசவாளர்களுக்குள்ளயே தேடுங்க.

10/ பிள்ளையார்பாளையம் தெருவுல ஒரு வீட்டுக்குள்ள போய் தறிக்குழிப் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. நெசவாளர் காலைக் குழிக்குள்ள தொங்கவிட்டு மிதியை மிதிக்கறார். ஒவ்வொரு மிதிக்கும் மேல இருக்கற ஜக்கார்டு பெட்டியோட பாரம் கால் வழியாத்தான் ஏறுது. பெட்டியைத் தூக்க மோட்டார் மாட்டின தறியும் இருக்கு. அதே ஊர், அதே பட்டு, அதே குழி. காலுக்கு வர்ற பாரம் மட்டும் வேற. இதைவிட நல்ல ஒப்பீடு எங்க கிடைக்கும்?

11/ ரெண்டாவது படி: "வலி"ன்னா என்ன? நார்டிக் கேள்வித்தாள்னு 1987ல வெளிவந்த ஒரு கருவி இருக்கு. உடம்பை 9 பகுதியா பிரிச்சு, கடந்த 12 மாசத்துல, கடந்த 7 நாள்ல தொந்தரவு இருந்துச்சான்னு கேட்கும். 9 பகுதியையும் கேளுங்க, தப்பில்ல. ஆனா ஹைப்பாதிசிஸ் ஒன்னே ஒன்னைப் பத்திதான்: முழங்கால், கடந்த 7 நாள், ஆமா அல்லது இல்லை. இதை டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி எழுதி வைக்கணும். முழங்கால்ல ஒன்னும் வரலன்னா தோள்பட்டைக்குத் தாவக்கூடாது.

12/ மூணாவது படி: எவ்வளவு வித்தியாசம்? இதைத்தான் யாரும் எழுத மாட்டேங்கறாங்க. கால்மிதிக்காரங்கள்ல 50 சதவீதம் பேருக்கு வலி, மோட்டார்காரங்கள்ல 30 சதவீதம்னு வச்சுக்குவோம். இது கணக்குக்காக எடுத்த எண்தான். நீங்க ஒரு சின்ன முன்னோட்ட ஆய்வுல இருந்தோ, வெளியான கட்டுரையில இருந்தோ எடுக்கணும். கூடவே இதையும் கேளுங்க: வலி எவ்வளவு குறைஞ்சா "மோட்டார் மாட்டுங்கண்ணே"ன்னு மனசாரச் சொல்வீங்க?

13/ அந்த எண்ணை வச்சுத்தான் சாம்பிள் சைஸ் வரும். 5 சதவீதப் பிழை, 80 சதவீத பவர்னா ஒரு குழுவுக்கு இத்தனை பேர்:

```
n = 7.84 × [p1(1−p1) + p2(1−p2)] / (p1−p2)²
```

50க்கும் 30க்கும் போட்டா குழுவுக்கு 91 பேர், மொத்தம் 182. ரெண்டு மாசத்துல முடியும். 50க்கும் 40க்கும் போட்டா குழுவுக்கு 385, மொத்தம் 770. ஒத்த ஆளா முடியாது. ஹைப்பாதிசிஸ் இல்லாதவங்க எல்லாரும் "சாம்பிள் சைஸ் 100"னு எங்கிருந்து எடுக்கறாங்கன்னு இப்ப புரியுதா? ரவுண்டா இருக்குன்னு எடுக்கறாங்க.

14/ இப்ப எழுதலாம்: "காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பொருத்திய குழித்தறியில் குறைந்தது 5 ஆண்டுகள் நெய்த, 30 முதல் 59 வயது வரையிலான நெசவாளர்களில், குறைந்தது 2 ஆண்டுகளாக மோட்டார் தூக்கியைப் பயன்படுத்துவோரிடம் கடந்த 7 நாள் முழங்கால் வலி உள்ளவர் விகிதம், காலால் மிதிப்போரைவிடக் குறைந்தது 20 சதவீதப் புள்ளி குறைவாக இருக்கும்." நல் ஹைப்பாதிசிஸ்: இரண்டு விகிதங்களுக்கும் வித்தியாசம் இல்லை. நீளமா இருக்கா? இருக்கட்டும். இதை வச்சு ஒரு அந்நியர் உங்களைக் கேட்காமலே இதே ஆய்வைத் திரும்பச் செய்யலாம்.

15/ இது எப்படித் தோக்கும்? கால்மிதிக் குழுவுல 91க்கு 40 பேருக்கு வலி, மோட்டார் குழுவுல 91க்கு 37 பேருக்கு வலின்னு வருதுன்னு வைங்க. வித்தியாசம் சுமார் 3 புள்ளி. அதோட 95 சதவீத நம்பக எல்லை ஏறத்தாழ −11ல இருந்து +18 வரை. நீங்க சொன்ன 20 அந்த எல்லைக்கு வெளிய இருக்கு. உங்க ஹைப்பாதிசிஸ் தோத்துடுச்சு. ஆனா 10 புள்ளி குறைஞ்சிருக்க வாய்ப்பு உள்ளயேதான் இருக்கு. அதனால "மோட்டாரால பயனே இல்ல"ன்னு எழுதக்கூடாது. "20 புள்ளி அளவுக்குப் பயன் இல்ல"ன்னு எழுதலாம். இதுவும் முழுமையான, வெளியிட வேண்டிய முடிவு.

16/ இனி பெரிய குழி. மோட்டாரை முதல்ல மாட்டினவர் யாரு? ஒருவேளை முழங்கால் வலி தாங்காதவராவே இருக்கலாம். அப்ப மோட்டார் குழுவுலதான் வலி கூட வரும். அவசரக்காரர் "மோட்டாரால வலி"ன்னு எழுதிடுவார். காரணமும் விளைவும் தலைகீழாயிடும்.

17/ வழி உண்டு. மோட்டார் மாட்டறதுக்கு முன்னாடி முழங்கால் வலி இருந்துச்சான்னு கேளுங்க. கால்மிதிக்காரங்ககிட்ட அதே காலகட்டத்தைப் பத்திக் கேளுங்க. அப்ப வலி இல்லாதவங்களை மட்டும் ரெண்டு பக்கமும் சேருங்க. இந்த நிபந்தனையும் ஹைப்பாதிசிஸ் வாக்கியத்துல ஏறணும். ஞாபகத்தை நம்பற முறைதான், அதை வரம்புகள்ல எழுதுங்க. அப்புறம் வலியால தறியையே விட்டவரைத் தெருவுல பார்க்க முடியாது. கூட்டுறவு சங்க உறுப்பினர் பட்டியல்ல இருந்து ஆளைத் தேர்ந்தெடுத்தா, எத்தனை பேர் தறியை விட்டாங்க, ஏன் விட்டாங்கன்னாவது தெரியும்.

18/ "முதல் ஆய்வுக்கு இவ்வளவு தேவையா? தீசிஸ் முடிஞ்சா போதாதா?"ன்னு கேட்கற கைடுகளுக்கு: நெசவு கூலி நேரத்துல இல்ல, நெய்யற புடவையில இருக்கு. 182 பேர்கிட்ட ஆளுக்கு அரை மணி நேரம்னா 91 மணி நேரத் தறி நின்னுபோகுது. எதுவுமே தோக்க முடியாத ஒரு கேள்விக்காக அந்த நேரத்தை வாங்கறதை எத்திக்ஸ் கமிட்டி எப்படி ஒத்துக்குதுன்னு எனக்குப் புரியல.

19/ சினாப்சிஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி தலைப்புக்குக் கீழ ஒரே ஒரு வரி எழுதுங்க: "இன்ன முடிவு வந்தால் என் கருதுகோள் தவறு." அந்த வரியில எண் இருக்கணும். எழுத வரலையா? அப்ப "காரணிகளும்"ஐ வெட்டிட்டு, எண்ணற வேலையை மட்டும் ஒழுங்கா செய்யுங்க. அதுக்கும் மரியாதை உண்டு.

20/ உங்க தலைப்பையும் அந்த ஒரு வரியையும் கீழ போடுங்க. எங்க இறுக்கணும்னு சேர்ந்து பார்ப்போம்.