கடைக்கு லீவு இல்லை, ஆட்களுக்கு?

எங்கட வாசிப்பு வட்டம் ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிறது. ஒரு புடவைக்கடையில் வேலை செய்யும் தோழி ஒருத்தி முதல் நாலைந்து கூட்டத்துக்கு வந்தா, பிறகு வரவில்லை. அலுத்துப்போச்சோ என்று நினைத்தம். கேட்டபோதுதான் விசயம் தெரிந்தது. அந்தக் கடை ஏழு நாளும் திறந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் கிழமையில் ஒரு நாள் லீவு, ஆனால் எந்த நாள் என்று முதல்நாள் இரவு கடை பூட்டேக்கதான் முதலாளி சொல்லுவார். "நாளைக்கு நீ நில்லு" என்றால் நிற்கவேண்டியதுதான்.

அதைவிட இன்னொன்றும் சொன்னா. "ஒருக்கா தொடர்ந்து பன்னிரண்டு நாள் வேலை செய்தனான். கேட்டா, கிழமைக்கு ஒரு நாள் தந்தனான்தானே எண்டு சொல்லுறார்."

பன்னிரண்டு நாளா என்று எங்களுக்கும் சந்தேகம் வந்தது. கலண்டரை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தம். முதல் கிழமை திங்கள் லீவு. அடுத்த கிழமை ஞாயிறு லீவு. முதல் கிழமையில் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஆறு நாள் வேலை. அடுத்த கிழமையில் திங்கள் தொடங்கி சனி வரை இன்னும் ஆறு நாள். முதலாளி சொன்னதும் பொய்யில்லை, தோழி சொன்னதும் பொய்யில்லை. ஒவ்வொரு கிழமையிலும் ஒரு லீவு இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

ஏழு நாளும் திறக்கிற கடையில் ஆளுக்கொரு நாள் லீவு கொடுப்பது நல்ல முறைதான் என்பது எங்கட கருத்து. ஆனால் அதை முதலாளியின் வாய்ச்சொல்லில் விட்டால் அது லீவாக இருக்காது. முன்கூட்டியே எழுதி சுவரில் ஒட்டின அட்டவணையாக இருக்கவேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம்தான் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உரியது. உணவு நேரம் சேராமல் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை. அதற்கு மேல் போனால் ஓவர்டைம். கிழமைக்கு ஒரு முழு நாளும் ஒரு அரை நாளும் லீவு. அந்தக் கிழமையில் ஓவர்டைம் தவிர்த்து 28 மணித்தியாலமாவது வேலை செய்திருந்தால் அந்த லீவுக்குச் சம்பளமும் உண்டு. அதாவது ஒன்று இல்லை, ஒன்றரை. ஐந்து நாள் எட்டு மணித்தியாலம், ஒரு நாள் ஐந்து மணித்தியாலம் என்று கூட்டிப் பாருங்கள், 45 சரியாக வரும். தோழி இந்த அரை நாள் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. போயா விடுமுறையும் இதற்குள் அடங்காது. "போயாவுக்கு நிண்டனிதானே, இந்தக் கிழமை லீவு அதிலயே போச்சு" என்று சொல்வது பிழையான கணக்கு.

"ஒன்றரை நாள் ஆளாளுக்குக் கொடுத்தால் கடையை ஆர் பார்க்கிறது?" என்றுதான் முதலாளிமார் கேட்பினம். நியாயமான கேள்வி. ஆகவே தோழியின் கடையையே எடுத்து ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தம்.

அங்கே ஆறு பேர். காசு மேசையில் ஒரு அக்கா. அவ இல்லாதபோது காசு பார்க்கத் தெரிந்த ஒரு தம்பி. துணி அளந்து வெட்டுகிற அண்ணா. சாமான் அறையைப் பார்க்கிற, வெட்டவும் பழகின இன்னொரு தம்பி. சீலைப் பகுதியில் எங்கட தோழியும் இன்னொரு அக்காவும். கடை காலை 9 மணிக்குத் திறந்து இரவு 7 மணிக்குப் பூட்டும். நாலு பேருக்குக் குறையாமல் நின்றால் கடை ஓடும்.

அட்டவணை போடேக்க முதலில் பார்க்கவேண்டியது நாளை இல்லை, சோடியை. ஆர் இல்லாவிட்டால் ஆர் அந்த வேலையைப் பார்ப்பினம்? காசுக்கு இரண்டு பேர், வெட்டுக்கு இரண்டு பேர், சீலைக்கு இரண்டு பேர். ஒரு சோடியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லாமல் போகக்கூடாது. இந்த ஒரு விதியை விட்டதால்தான் பல கடைகளில் லீவு குழம்புகிறது. காசு அக்கா லீவில் நிற்கேக்க மற்றவரும் இல்லையென்றால், அவவுக்குக் கோல் எடுத்து "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்பார்கள். அப்படி வந்துபோகிற நாள் லீவு இல்லை.

அடுத்தது நாட்களின் கனம். அந்தக் கடையில் சனிக்கிழமைதான் சனம் கூட. செவ்வாயில் கலியாண உடுப்பு எடுக்க எங்கட ஆட்கள் வரமாட்டினம், அதனால் அன்றைக்குக் கடை காத்து வாங்கும். ஞாயிறு காலையும் மந்தம், பின்னேரம்தான் ஆட்கள் வருவினம்.

இனி விருப்பங்கள். தோழியும் வெட்டுகிற அண்ணாவும் ஞாயிறு தேவாலயம் போகிறவர்கள். காசு பார்க்கிற தம்பிக்கு வெள்ளிக்கிழமை கோயில். இரண்டு பேருக்கும் ஞாயிறு முழு லீவு கொடுத்தால் மற்ற நாலு பேரும் "எங்களுக்கும் ஞாயிறு ஞாயிறுதானே" என்பினம். அதுவும் சரி. இங்கேதான் சட்டம் தருகிற அந்த அரை நாள் கைகொடுக்கிறது. பூசைக்குப் போகக் காலை போதும். ஆகவே ஞாயிறு காலையை இந்த இரண்டு பேருக்கும் அரை நாளாகக் கொடுத்து, முழு நாளை வேறு கிழமை நாளில் வைத்தம். வந்த அட்டவணை இது:

திங்கள்: வெட்டுகிற அண்ணாவுக்கு முழு லீவு, காசு அக்காவுக்குப் பின்னேரம் லீவு.
செவ்வாய்: காசு அக்காவுக்கும் சாமான் அறைத் தம்பிக்கும் முழு லீவு.
புதன்: தோழிக்கு முழு லீவு, சாமான் அறைத் தம்பிக்குக் காலை லீவு.
வியாழன்: சீலைப் பகுதி அக்காவுக்கு முழு லீவு, காசு பார்க்கிற தம்பிக்குப் பின்னேரம் லீவு.
வெள்ளி: காசு பார்க்கிற தம்பிக்கு முழு லீவு, சீலைப் பகுதி அக்காவுக்குக் காலை லீவு.
சனி: எல்லாரும் வேலை.
ஞாயிறு: தோழிக்கும் வெட்டுகிற அண்ணாவுக்கும் காலை லீவு.

அரை நாள் என்பது காலை 9 முதல் 2 வரை வேலை, அல்லது 2 முதல் 7 வரை. மற்ற நாட்களில் பாதிப் பேர் 9 மணிக்கு வந்து 6 மணிக்குப் போக, மற்றவர்கள் 10 மணிக்கு வந்து 7 மணிக்குப் போனால், நடுவில் ஒரு மணித்தியாலம் சாப்பாடு போக எட்டு மணித்தியாலம் வரும். காலையோ பின்னேரமோ எந்த அரை நாளைத் தொட்டுப் பார்த்தாலும் ஆட்பட்டியலில் நாலு பேராவது இருக்கினம், எந்தச் சோடியும் சேர்ந்து லீவில் போகவில்லை. ஒரு ஆளையும் புதிதாக எடுக்கவில்லை. காசு அக்காவுக்குத் திங்கள் பின்னேரமும் செவ்வாயும் ஒட்டி வருகிறது. ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார்: "நாளை நிலையாக வைக்காமல் சுழற்சியாக மாற்றினால் எல்லாருக்கும் ஒருநாள் ஞாயிறு கிடைக்குமே?" கிடைக்கும். ஆனால் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று பார்க்கவேணும். ஒவ்வொரு கிழமையும் ஒரு நாள் பின்னுக்குப் போகிற மாதிரி, செவ்வாய்க்குப் பிறகு திங்கள், திங்களுக்குப் பிறகு ஞாயிறு என்று சுற்றினால், தோழிக்கு நடந்த அதே பன்னிரண்டு நாள் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் வரும். முன்னுக்குப் போகிற மாதிரி, திங்களுக்குப் பிறகு செவ்வாய், பிறகு புதன் என்று சுற்றினால் இரண்டு லீவுக்கும் நடுவில் ஏழு வேலை நாள்தான் வரும். ஞாயிறிலிருந்து திங்களுக்கு மாறேக்க இரண்டு லீவும் ஒட்டி வரும். சுழற்சி வேண்டும் என்றால் முன்னுக்குத்தான் சுற்றவேண்டும்.

ஆனாலும் நாங்கள் நிலையான நாளுக்குத்தான் கை தூக்குவம். புதன் என்றால் எல்லாப் புதனும் என்று தெரிந்தால்தான் ஒரு வகுப்பில் சேரலாம், கிளினிக்குக்கு நாள் எடுக்கலாம், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரலாம். ஆருக்காவது வேறு நாள் தேவை வந்தால் தன் சோடியில் உள்ளவரோடு மாற்றிக்கொண்டு, அதை அட்டவணையிலேயே எழுதிவிடலாம். மாற்றுகிறபோதும் இடையில் எத்தனை நாள் வருகிறது என்று எண்ணவேணும்.

முதலாளிமார் சொல்கிற இன்னொரு காரணம், "காசு மேசையை இன்னொருத்தரிட்ட விட ஏலாது". நாங்கள் இதை மற்றப் பக்கமாகப் பார்க்கிறம். ஒரே ஆள் ஒருநாளும் விலகாத காசு மேசையில்தான் பிழை வெளியில் தெரியாமல் கிடக்கும். வங்கிகளில் ஊழியரைக் கட்டாய லீவில் அனுப்புகிற வழக்கத்துக்கும் இது ஒரு காரணம். கிழமையில் ஒரு நாள் வேறு கை எண்ணினால் முதலாளிக்கும் நிம்மதி, அக்காவின் மேல் வீண் சந்தேகமும் வராது.

இந்த முறைக்கு எல்லை இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் நிற்கிற கடையில் ஆளுக்கு ஒன்றரை நாள் என்றால் கிழமையில் மூன்று நாள் ஒருவர் தனியாக நிற்பார். அந்த மூன்று நாளும் முதலாளி தான் வந்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் பூட்டவேண்டும். அட்டவணை ஆளைப் படைக்காது.

இன்னொரு இழப்பும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆளுக்கொரு நாள் என்றால் ஆறு பேரும் ஒன்றாகக் கூடுகிற நாள் கிடையாது. கணவனும் மனைவியும் வேறுவேறு கடையில் நின்றால் இரண்டு பேரின் லீவும் சந்திக்காமலே போகலாம். எல்லாரும் சேர்ந்து ஒரு குறையைக் கதைக்கவும் நாள் இல்லை. அதனால்தான் அட்டவணை போடுகிற அன்றைக்காவது ஆறு பேரையும் இருத்திக் கேட்கவேணும் என்கிறம்.

கடையில் வேலை செய்கிற தோழர்களுக்கு ஒன்று: உங்கட லீவைக் கிழமைக் கணக்கில் எண்ணாதீங்கோ. ஒரு லீவுக்கும் அடுத்த லீவுக்கும் நடுவில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கோ. ஆறைத் தாண்டி அடிக்கடி போனால் உங்கட கடையில் அட்டவணை இல்லை, முதலாளியின் மனம்தான் இருக்கிறது. அரை நாளும் வரவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிட அந்தக் கொப்பி உதவும்.

எங்கட வட்டமும் ஒரு முடிவு எடுத்தது. தோழிக்கு ஞாயிறு கிடைக்காது, அட்டவணை வந்தால் புதன் கிடைக்கும். அந்தத் தாளை அவவிடம் கொடுத்துவிட்டம், காசு அக்காவோடு சேர்ந்து முதலாளியிடம் காட்டப் போகிறா. அவர் ஓம் என்றால், மாதத்தில் ஒரு கூட்டம் புதன் பின்னேரம்.