புதிய ரவுட்டர் வாங்க முன், சுவரில் உள்ள பெட்டியைப் பாருங்கள்



மாரி மழை தொடங்கினால் நம்மூரில் "ரவுட்டர் பழுதாப் போச்சு" என்ற பேச்சும் தொடங்கிவிடும். உயர்தரப் பிள்ளைகளின் சூம் வகுப்பு பாதியில் அறுந்தால் புது ரவுட்டருக்குக் காசு தேடுகிறோம். டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் எடுப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, அந்தக் காசைக் கொஞ்சம் பொத்தி வையுங்கள் என்பதுதான்.

வெளிச்சுவரில் உள்ள சின்னப் பெட்டிக்குள் செம்புக் கம்பிகள் இணைகின்றன. டெலிபோனைத் தூக்காதபோது அவற்றில் சுமார் 48 வோல்ட் இருக்கிறது. ஈரமும் நம்மூர் உப்புக் காற்றும் சேர்ந்தால் செம்பு பச்சை பிடித்து அரிக்கும். இணைப்பு தளர்ந்து லைனில் இரைச்சல் ஏறும். ரவுட்டர் அதைச் சமாளிக்க வேகத்தைக் குறைக்கும். அதுவும் முடியாவிட்டால் DSL விளக்கு மினுங்கி, லைன் அறுந்து திரும்ப வரும்.

மழைக்கு மெதுவாகி, வெயில் ஏறியதும் சரியானால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மழையோ வெயிலோ தினமும் இரவு எட்டு மணிக்குத்தான் மெதுவென்றால் அது நெரிசல், பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

டெலிபோனைத் தூக்கி ஓர் இலக்கத்தை அழுத்தினால் டயல் டோன் நிற்கும். அந்த அமைதியில் கரகரப்புக் கேட்கிறதா? பிறகு வீட்டுக்குள் இழுத்த மேலதிக வயர்களையெல்லாம் கழற்றி, ரவுட்டரை முதல் சொக்கெட்டில் நேரடியாகக் கொடுங்கள். சரியானால் கோளாறு நம் வீட்டு வயரில். சரியாகாவிட்டால் பெரும்பாலும் வெளியே.

நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் பெட்டி. வயர் மேலிருந்து நேரே உள்ளே இறங்கியதால் தண்ணீரும் அதோடு இறங்கியது. உள்ளே கம்பிகளை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் முழுக்கப் பச்சை. ரவுட்டர் பக்கத்தில் SNR Margin வெயிலில் 12, மழையில் 5. பொதுவாக 6க்குக் கீழே போனால் லைன் அறுபடத் தொடங்கும். வந்த ஊழியர் அரித்த நுனியை வெட்டி, ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டு, வயரைக் கீழே தொங்கவிட்டு அடிப்பக்கத்தால் உள்ளே எடுத்தார். அடுத்த மழையிலும் 11க்குக் குறையவில்லை.

பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். மணி அடிக்கும்போது அதே கம்பியில் 90 வோல்ட் வரை வரும், இடி மின்னலில் இன்னும் ஆபத்து. மூடி வெடித்திருக்கிறதா, வயர் எந்தப் பக்கத்தால் நுழைகிறது என்று வெளியே நின்று பார்த்தால் போதும்.

புகார் சொல்லும் விதத்திலும் நாம் மாற வேண்டும். வெயில் நாளில் ஊழியர் வந்து சோதித்தால் லைன் நல்லாத்தான் இருக்கும், "பிழை இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆகவே மழை பெய்யும்போதே, கரகரக்கும் அந்த டெலிபோனிலிருந்தே அழையுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்லாமல், "மழைக்கு லைன் இரைகிறது, வெளிப்பெட்டி இணைப்பை மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள்.