மனிதவளத் துறை மீதே புகார் என்றால் எங்கே போவது?

திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதிப் பனியன் கம்பெனிகளில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குவதைப் பார்க்கலாம். வெளிநாட்டு வாங்குபவர்களின் ஆடிட் வரும் நாளில் அதைத் துடைத்து வைப்பார்கள். அந்தப் பெட்டியின் சாவி எச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறையிடம் இருந்தால், எச்.ஆர். மீதே புகார் எழுதும் பெண் அதை எந்தப் பெட்டியில் போடுவாள்?

எச்.ஆரில் இருப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதல்ல இங்கே சொல்ல வருவது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அப்படி. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது லைனில் ஆள் குறையாமல் பார்ப்பதும், ஆடிட்டில் கம்பெனிக்குக் கெட்ட பெயர் வராமல் காப்பதும் அவர்கள் வேலை. ஒரு லைன் சூப்பர்வைசர் மீது பாலியல் தொல்லைப் புகார் வந்தால் இரண்டுமே கெடும். டார்கெட்டை முடித்துத் தரும் சூப்பர்வைசர் போனால் இழப்பு பெரிது, ஒரு செக்கிங் பெண் போனால் நாளைக்கு வேறு ஆள் வரும் என்று கணக்குப் போடுவது அந்த நாற்காலிக்கு மிகச் சுலபம்.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்கச் சொல்கிறது. தலைவர் ஒரு பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்தத் துறை அறிந்தவர்களிலிருந்தோ ஒருவர் வெளியாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழுவை நியமிக்கும் உத்தரவைப் போடுவது முதலாளி, அந்த வெளியாளுக்குக் கட்டணம் தருவதும் முதலாளி. நடைமுறையில் அந்தக் காகிதத்தைத் தயாரிப்பது எச்.ஆர். தான். குழுவில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்பவர் மீதே புகார் என்றால், அந்தக் குழுவிடம் நியாயம் கேட்பது எப்படி?

ஓர் எடுத்துக்காட்டு. செக்கிங் பிரிவில் ஒரு பெண் தன் சூப்பர்வைசர் மீது புகார் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஆர். மேலாளர் அவளை அறைக்கு அழைத்து, "பேசி முடிச்சுக்கலாம்மா, வீட்டுக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம்" என்கிறார். அடுத்த வாரம் அவளை வேறு யூனிட்டுக்கு மாற்றுகிறார்கள். சூப்பர்வைசர் அதே லைனில் நிற்கிறார். புகார் குழுவுக்கே போகவில்லை.

இதில் எத்தனை தவறு என்று பாருங்கள். சமரசம் பேசச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதைப் பெண் கேட்க வேண்டும், குழுதான் செய்ய வேண்டும், பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. விசாரணை நடக்கும்போது இடமாற்றமும் உண்டு, அதுவும் அவள் எழுதிக் கேட்டால் குழு பரிந்துரைப்பது. கேட்காமல் அவளை மாற்றினால் அதற்குப் பெயர் நிவாரணம் இல்லை, தண்டனை. புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். எனவே "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று எச்.ஆர். இழுக்கும் ஒவ்வொரு வாரமும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு லாபம். எச்.ஆரிடம் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல், குழுத் தலைவர் பெயருக்கு எழுதித் தந்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குவது முதல் பாதுகாப்பு.

குழு பொம்மைக் குழுவா என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. நியமன உத்தரவைப் பார்வையில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஒட்டியிருக்கிறதா? அதிலுள்ள பெயர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்களா? அந்த வெளியாள் கம்பெனிக்கு ஆடிட் தயார் செய்து தரும் கன்சல்டன்ட்டா? தையல் லைனில் நிற்கும் நாலு பெண்களிடம் கேட்டால் ஒருவருக்காவது தலைவர் பெயர் தெரிகிறதா?

சரி, வெளியே போக வழி உண்டா? மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு என்று ஒன்று உண்டு. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களின் புகார்களையும், முதலாளி மீதே வரும் புகார்களையும் அது விசாரிக்கும். எச்.ஆர். தலைவர் முதலாளி ஆவாரா? பணியிடத்தை நிர்வகித்துக் கட்டுப்படுத்துபவரும், கொள்கைகளை வகுத்து நடத்துபவரும் "முதலாளி" என்ற சொல்லில் அடங்குவார்கள் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. அதை வைத்து எச்.ஆர். தலைவரே தொல்லை கொடுத்தால் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அவர் வேறொருவரைக் காப்பாற்றினார் என்ற புகாருக்குச் சட்டத்தில் தனிக் கதவு இல்லை. குழுவின் முடிவு வந்தபின் 90 நாளில் மேல்முறையீடு செய்யலாம், அவ்வளவுதான். முடிவே வராமல் அமுக்கிவிட்டால்?

அந்தக் கதவை வெளியிலிருந்து உடைத்த ஒரு கதை இருக்கிறது. திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த திண்டுக்கல் மாவட்ட நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் மீது கொலைக் குற்றச்சாட்டு வந்தது. அதன்பின் மற்ற பெண்களும் அங்கே நடந்த தொல்லைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அளவிலான ஊதியக் கூட்டமைப்பு ஒன்றுடனும் ஓர் அமெரிக்க அமைப்புடனும் சேர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனுடன் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்குபவர்களும் தனித்தனியாக அதில் கட்டுப்பட்டார்கள்.

அதில் முக்கியம் இரண்டு. ஒன்று, தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைச் சங்கம் பயிற்றுவித்தது, புகாரை முடிவு செய்ய நிர்வாகத்தைச் சாராத வெளி மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். இரண்டு, நிர்வாகம் முடிவை மதிக்காவிட்டால் வாங்குபவர்கள் வணிக நடவடிக்கை எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் 185 குறைகள் வந்தன, அவற்றில் 182 தீர்ந்தன என்று ஒப்பந்தத் தரப்பினரின் அறிக்கை சொன்னது. அவற்றில் 23 பாலின வன்முறை, துன்புறுத்தல் சார்ந்தவை. வாயில்லாதவர்கள் என்று நினைத்த பெண்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பயமே தவிர, சொல்ல விஷயம் இல்லாததல்ல என்று இந்த எண்கள் காட்டுகின்றன.

இந்த மருந்து எல்லா இடத்திலும் வேலை செய்யாது. பெரிய பிராண்டுக்கு நேரடியாகத் தைக்கும் ஆலையில்தான் ஆர்டர் என்ற கடிவாளம் உண்டு. சந்துக்குள் பத்திருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டில் எச்.ஆரே கிடையாது. முதலாளியின் மச்சானே சூப்பர்வைசர், அவரே நீதிபதி. அந்தப் பெண்ணுக்கு மாவட்ட உள்ளூர்க் குழுதான் கதி. உச்ச நீதிமன்றம் 2023 மே மாதமும் 2024 டிசம்பரிலும் இந்தக் குழுக்களைச் சரியாக அமைக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டி வந்தது என்பதிலேயே நிலைமை தெரிகிறது.

ஆகவே ஒன்றைத் திருத்தினால் போதும். எச்.ஆர். மீதோ உள்ளகக் குழு மீதோ வரும் புகார் கம்பெனிக்குள் சுற்றாமல் நேரே உள்ளூர்க் குழுவுக்குப் போகும் என்று சட்டம் ஒரு வரியில் சொல்லிவிடட்டும். அதுவரை ஆடிட் செய்ய வருகிறவர்கள் பெட்டி தொங்குகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், சாவி யாரிடம் என்றும் கேட்கட்டும்.