நான்கு ஆண்டுக் கணக்கை முதல் நாளே காட்டுங்கள்

கவுன்சலிங் காலத்தில் ஹைதராபாத் கல்லூரிகளின் இணையதளங்களிலிருந்து கட்டண பிடிஎஃப் கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். செகந்திராபாத்திலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் சரி, சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் குடும்பங்களும் சரி, முதலில் தேடுவது அந்தக் கோப்பின் கடைசியில் தடித்த எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகையைத்தான். அந்தத் தொகை எதற்கானது என்பதில்தான் தவறு தொடங்குகிறது. பெரும்பாலும் அது சேர்க்கை நாளில் கட்ட வேண்டிய பணம். ஓராண்டுச் செலவாகக்கூட அது இருப்பதில்லை.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. அமைப்பு மட்டும் தனியார் பல்கலைக்கழகக் கோப்புகளில் வழக்கமாகக் காணப்படுவது. முதல் பருவக் கல்விக் கட்டணம் 1,50,000 ரூபாய், சேர்க்கைக் கட்டணம் 25,000, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை 15,000, ஓராண்டு விடுதி வாடகை 80,000, முதல் பருவ மெஸ் 30,000. கூட்டினால் சரியாக 3 லட்சம். வீட்டில் அதை நான்கால் பெருக்கி, 12 லட்சம் என்று முடிவு செய்கிறார்கள்.

இப்போது அதே கோப்பை வரிவரியாகப் படிப்போம். கல்விக் கட்டணத்தின் அருகே 'ஒரு செமஸ்டருக்கு' என்று இருக்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு 3 லட்சம். ஐஐடி ஹைதராபாத்திலும் இதே நிலைதான்: 2016இல் ஐஐடிகளின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது, ஆனால் கோப்பில் தெரிவது ஒரு செமஸ்டருக்கான 1 லட்சம். (ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கும் 5 லட்சத்துக்கும் இடைப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி உண்டு. அந்த வரியையும் பலர் படிப்பதில்லை.) நம் உதாரணக் கோப்பின் அடிக்குறிப்பில் ஆண்டுதோறும் 5 சதவீத உயர்வு என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் 'நடப்பு ஆண்டுக்கு மட்டும்' என்கிறது. தேர்வுக் கட்டணம் கோப்பிலேயே இல்லை.

ஆகவே அட்டவணையில் ஆண்டுகளைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரிசை கொடுக்க வேண்டும். சேர்க்கைக் கட்டணம் முதலாண்டில் மட்டும் வரும். வைப்புத்தொகை முதலாண்டில் போய், படிப்பு முடிந்தபின் திரும்பும். கல்விக் கட்டணத்துக்கு 5 சதவீதமும், விடுதி, மெஸ் இரண்டுக்கும் நம் அனுமானமாக 8 சதவீதமும், தேர்வுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயும் வைத்தால், முதலாண்டு 4.86 லட்சம், இரண்டாமாண்டு 4.72, மூன்றாமாண்டு 5.00, நான்காமாண்டு 5.30. மொத்தம் 19.88 லட்சம். மடிக்கணினி, ரயில் செலவு எதுவும் இதில் இல்லை. 12 லட்சம் என்று நம்பிச் சேர்த்த குடும்பத்துக்கு ஏறத்தாழ 8 லட்சம் துண்டு விழுகிறது. அது தெரியவருவது பெரும்பாலும் இரண்டாம் பருவக் கட்டண அறிவிப்பு வரும்போதுதான்.

கணினியில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டும் தொகை சில நேரம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிந்துவிடும். கூட்டல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தொகைகளைச் சந்தேகித்து, கையால் மறுபடி தட்டுவது நல்லது. உயர்வு விகிதத்தைத் தனிக் கட்டத்தில், உதாரணமாக H1இல், 5% என்று எழுதி, முதலாண்டுக் கல்விக் கட்டணம் B2இல் இருந்தால், இரண்டாமாண்டுக்கு இப்படிக் கொடுக்கலாம்:

```
=B2*(1+$H$1)
```

5 என்பதை 10 ஆக்கினால் வீட்டு வரவு தாங்குமா என்று உடனே தெரிந்துவிடும்.

எந்த விகிதத்தை வைப்பது என்பது கல்லூரியின் வகையைப் பொறுத்தது. தெலங்கானாவில் தனியார் பொறியியல் கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநிலச் சேர்க்கை, கட்டண ஒழுங்குமுறைக் குழு. இத்தகைய குழுக்களுக்கு வழி வகுத்தது 2003இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. குழு மூன்றாண்டுத் தொகுதிகளாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. சேர்ந்த ஆண்டின் கட்டணமே படிப்பு முடியும்வரை அந்த மாணவருக்கு என்பது ஒன்றுபட்ட ஆந்திரக் காலத்திலிருந்து வரும் விதி. எனவே அங்கே கல்விக் கட்டண வரிசையில் உயர்வு பூஜ்யம். நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தக் காப்பு இல்லை. ஒழுங்குமுறைக்குட்பட்ட கல்லூரியிலும் பேருந்து, விடுதிக் கட்டணங்களுக்கு இந்தக் கூரையை நம்ப முடியாது. கண்டிப்பேட்டை, இப்ராகிம்பட்டினம், மேட்சல் என்று நகரின் ஓரங்களில் கல்லூரிகள் இருக்க, பேருந்துக் கட்டணத்தைச் சில்லறைச் செலவாகத் தள்ளிவிடவும் முடியாது.

கூரையும் எப்போதும் உறுதியாக இருப்பதில்லை. 2022 முதல் 2025 வரையிலான தொகுதி முடிந்தபின் 2025–26க்கும் பழைய கட்டணமே தொடரும் என்று அரசு அறிவித்தது. சில கல்லூரிகள் உயர் நீதிமன்றம் சென்றன. இந்தச் சூழலில் 'இறுதி உத்தரவுக்கு உட்பட்டது' என்ற வரியைக் கோப்பில் கண்டால், வித்தியாசத் தொகை பின்னால் கேட்கப்படலாம் என்று பொருள். அதற்கும் அட்டவணையில் ஒரு வரிசை வேண்டும்.

இவ்வளவு உழைப்பையும் பெற்றோர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்பதே நம் நிலைப்பாடு. ஆண்டுவாரியான கணக்கைக் கல்லூரிகளால் தர முடியாது என்பதை ஏற்க இயலாது. கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தால் வங்கி கேட்கும் முதல் காகிதங்களில் ஒன்று, முழுப் படிப்புக்குமான ஆண்டுவாரிச் செலவுச் சான்று. கல்லூரி அலுவலகம் அதை முத்திரையிட்டுக் கொடுக்கிறது. வங்கிக்குத் தரும் காகிதத்தைப் பணம் கட்டும் பெற்றோர் பார்க்கும் இணையதளத்தில் ஏன் போடக்கூடாது?

இது புதிய கோரிக்கையும் அல்ல. ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் வெளியிட வேண்டிய கட்டாயத் தகவல் படிவத்தில், கட்டணக் குழு ஒப்புதல் அளித்த தொகையும் முழுப் படிப்புக்குமான கட்டணம் செலுத்தும் கால அட்டவணையும் ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளன. படிவம் இருக்கிறது, நிரப்பியது சரியா என்று பார்ப்பவர்தான் இல்லை. 'பொருந்தும் வகையில்', 'மாறுதலுக்கு உட்பட்டது' என்ற சொற்களை வைத்துக் கட்டங்களைக் காலியாக விட்டாலும் கேள்வி எழுவதில்லை.

தெலங்கானா கட்டணக் குழு அடுத்த நிர்ணய உத்தரவிலேயே இதைச் சேர்க்க வேண்டும்: விடுதி, மெஸ், பேருந்து, தேர்வு உட்பட நான்கு ஆண்டுக்குமான ஒரே பக்க அட்டவணை, உயரக்கூடிய ஒவ்வொரு வரிசைக்கும் உச்சவரம்பு, அட்டவணையில் இல்லாத எதையும் வசூலிக்கத் தடை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இதே விதியை யுஜிசி கொண்டுவர வேண்டும். அதுவரை, பெற்றோரே, சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வங்கிக்குத் தரும் அந்த ஆண்டுவாரிச் சான்றைக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.