கட்டணம் நம்முடையது, வழக்கும் நம்மீதா?

பசறைக் கடைத்தெருவில் ஒரு கடைக்கும் மறு கடைக்கும் நடுவே நிற்பது ஒற்றைச் சுவர். மேலே நீண்டு கிடப்பது ஒரே கூரை. அக்கூரையின் கீழ் ஒருவர் துணி விற்கிறார், ஒருவர் மருந்து விற்கிறார், இன்னொருவர் தேநீர் ஆற்றுகிறார். கூரை இவர்களில் எவருக்கும் சொந்தமில்லை. எல்லோரும் வாடகை கொடுத்து இருப்பவர்கள். ஓர் இரவு தேநீர்க்கடை அடுப்பில் அணையாத ஒரு கங்கு பற்றிக்கொண்டால், விடிவதற்குள் வரிசை முழுவதும் சாம்பலாகும். அத்தீயைப்பற்றி எல்லோரும் பேசுவர். அது அணைந்த பிறகு நீதிமன்றத்தில் மூளும் இரண்டாவது தீயைப்பற்றி எவரும் பேசுவதில்லை. நாம் இன்று பேச வந்தது அதைப்பற்றித்தான்.

கட்டிடச் சொந்தக்காரர் தம் கட்டிடத்தைக் காப்புறுதி செய்திருக்கிறார். கம்பனி அவருக்கு நட்டஈடு கொடுக்கிறது. "நல்லவேளை, முதலாளி தப்பினார், நாமும் தப்பினோம்" என்று தேநீர்க்கடைக்காரர் பெருமூச்சு விடுகிறார். மாதங்கள் பல கழிந்தபின் அவர் வாசலுக்கு ஓர் அழைப்பாணை வருகிறது. வாதியின் இடத்தில் இருப்பது முதலாளியின் பெயர்! முழு நட்டத்தையும் பெற்றுக்கொண்ட மனிதர் மீண்டும் ஏன் வழக்காடுகிறார்? அவர் வழக்காடவில்லை. பெயர் அவருடையது, வழக்கு கம்பனியுடையது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக, பணம் பெற்றவரின் இடத்தில் கம்பனி ஏறி நிற்கிறது. சட்டத்தார் இதனைப் பதிலுரிமை என்பர்.

இவ்வுரிமை கம்பனிக்கு எங்கிருந்து வந்தது? இந்நாட்டில் குத்தகையை ஆள்வது உரோம டச்சுச் சட்டம். தீக் காப்புறுதியை ஆள்வதோ ஆங்கிலச் சட்டம். 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வாறு விதித்துவிட்டது. ஆங்கிலச் சட்டம் கம்பனிக்குப் பதிலுரிமை கொடுக்கிறது. உரோம டச்சுச் சட்டமோ குத்தகைக்காரர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. வாங்கிய நிலையிலேயே கட்டிடத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்; கொடுக்க முடியாவிடில், தம் கவலையீனத்தால் அது அழியவில்லை என்று காட்டும் சுமையும் அவர் தலையில் விழக்கூடும். இரு சட்டங்களும் சந்திக்கும் இடத்தில் நசுங்குகிறவர் கடைக்காரர். எழுதப்பட்ட உறுதியின்மேல் வழக்கிட 6 ஆண்டு அவகாசம் உண்டு என்பதையும் அவர் அறியார். தீயை அவர் மறந்திருப்பார், கம்பனி மறந்திராது.

இதில் நியாயம் இல்லையா என்று கேட்பார் உளர். "கவலையீனமாய் இருந்தவன் கொடுக்கட்டும்" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயின் ஒரு கேள்விக்கு அவர்கள் விடை சொல்லட்டும். அதே கட்டிடத்தில் முதலாளியே குடியிருந்து, முதலாளியே அடுப்பை அணைக்க மறந்திருந்தால் கம்பனி என்ன செய்திருக்கும்? பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். தன்னிடம் காப்புறுதி பெற்றவர்மீதே அது வழக்கிட முடியாது. மனிதர் மறதியுள்ளவர் என்பதனாலேயே தீக் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது. முதலாளியின் மறதிக்கு மன்னிப்பு, வாடகைக்காரரின் மறதிக்கு வழக்கு! இஃது எங்ஙனம் நீதியாகும்?

அதற்கும் மேலாக, அக்கட்டணத்தைக் கொடுத்தவர் யார்? சில உறுதிகளில் "காப்புறுதிக் கட்டணத்தில் தன் பங்கைக் குத்தகைக்காரர் செலுத்தவேண்டும்" என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். அவ்வாறு எழுதாத இடத்திலும் முதலாளி தம் செலவையெல்லாம் கூட்டித்தானே வாடகையை நிர்ணயிக்கிறார்? நம் பணத்தில் வாங்கிய குடையின்கீழ் முதலாளி நிற்கிறார். மழை நம்மீது பெய்கிறது.

இந்த அநீதியைப் பிற நாட்டு நீதிமன்றங்களே கண்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், வாடகை வீட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இரசாயன விளையாட்டுப் பெட்டியோடு செய்த சோதனையால் தீ மூண்டது. கம்பனி முதலாளிக்குப் பணம் கொடுத்துவிட்டுச் சிறுவன்மீதும் தந்தைமீதும் பாய்ந்தது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதலாளியின் காப்புறுதியில் குடியிருப்பவரும் பங்காளியே என்று 1975 இல் அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இங்கிலாந்தில் 1985 இல் மார்க் ரோலன்ட்ஸ் கம்பனிக்கும் பேர்னி இன்ஸ் கம்பனிக்கும் இடையிலான வழக்கில் இதே கேள்வி எழுந்தது. முதலாளி காப்புறுதி செய்யவேண்டும், குத்தகைக்காரர் கட்டணத்தில் பங்கு கொடுக்கவேண்டும், வரும் பணத்தால் கட்டிடம் திரும்பக் கட்டப்படவேண்டும் என்று அவ்வுறுதி கூறிற்று. அப்படியாயின் கட்டிடத்தின் நட்டத்துக்கு முதலாளி எதிர்பார்க்கக்கூடியது காப்புறுதிப் பணமே. குத்தகைக்காரரின் கவலையீனத்தால் தீ நேர்ந்திருப்பினும் அவர்மீது வழக்கு இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கூறியது.

அப்படியானால் நமக்கு என்ன கவலை? கவலை உண்டு. அத்தீர்ப்பு அவ்வுறுதியின் வாசகங்களின்மேல் எழுந்தது. நம் ஊர் உறுதிகளில் அவ்வாசகங்கள் இல்லை. நம் பார்வைக்கு வரும் உறுதிகள் பலவற்றில் இருப்பது இதற்கு நேர்மாறான வரி: "எக்காரணம் பற்றித் தீ நேரினும் குத்தகைக்காரரே பொறுப்பாளி." இவ்வரியின் கொடுமையை வாசகர்கள் நன்கு உணரவேண்டும். பிழையின்றி நேர்ந்த தீக்குப் பொதுச் சட்டம் குத்தகைக்காரரைக் கேட்பதில்லை. இவ்வரியோ பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைக் கட்டிப்போடுகிறது. 1983 ஜூலை 27 ஆம் திகதி பதுளைக் கடைத்தெருவைக் கும்பல் கொளுத்தியதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். வேறொருவன் வைத்த தீக்கும் கடையை இழந்தவனே பணம் கட்டவேண்டும் என்பதல்லவா இவ்வரியின் பொருள்? கலவரத் தீயைச் சாதாரணத் தீக் காப்புறுதி ஏற்பதில்லை. அதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். கம்பனியும் கொடாது, வரியும் விடாது என்றால் குத்தகைக்காரர் எங்கே போவார்?

ஆகவேதான் நாம் ஒரு வாக்கியத்தைக் கேட்கிறோம். பெரிய கம்பனிகளின் உறுதிகளில் இது வழக்கமாக இருப்பதே. அவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் சட்டத்தரணிகள் இதனைத் தவறவிடுவதில்லை. நம் கடைக்காரருக்கும், உருளைக்கிழங்கு வைக்கக் களஞ்சியம் எடுக்கும் வெலிமடை விவசாயிக்கும், மருந்தகம் நடத்தும் வைத்தியருக்கும்தான் இது எட்டவில்லை. வாக்கியம் இது:

"கட்டிடத்தை அதன் முழுப் பெறுமதிக்கும் தீக் காப்புறுதி செய்து வைத்திருக்கக் குத்தகை கொடுப்பவர் உடன்படுகிறார். அக்காப்புறுதியில் அடங்கும் தீயால் நேரும் நட்டத்துக்கு, அது குத்தகைக்காரரின் அல்லது அவர் ஊழியரின் கவலையீனத்தால் நேர்ந்ததாயினும், குத்தகைக்காரரிடம் ஈடு கோரும் உரிமையைத் தாமும், தம் பேரில் காப்புறுதிக் கம்பனியும் கைவிடுவதாக உடன்படுகிறார்."

இது வேலை செய்யும் விதம் எளிது. கம்பனி ஏறி நிற்பது முதலாளியின் இடத்தில். முதலாளிக்கு இல்லாத உரிமை கம்பனிக்கு வராது. அவர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்திருந்தால் கம்பனி ஏறி நிற்க இடமே இல்லை. ஆனால் விட்டுக்கொடுப்பது தீக்கு முன்னராக இருக்கவேண்டும். தீக்குப் பின்னர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கும் முதலாளி கம்பனியின் உரிமையைக் கெடுத்தவராவார். தம் நட்டஈட்டையே இழக்க நேரும். வாக்கியம் உறுதியில் ஏறியதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, காப்புறுதிப் பத்திரத்திலும் அதற்கான இணைப்புக் குறிப்பைப் பெறவேண்டும். மறைத்தால் அதுவே கம்பனிக்கு ஒரு சாக்காகும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படவேண்டும் என்பது 1840 முதல் உள்ள சட்டம். எனவே வாய்ப்பேச்சில் பெற்ற வாக்குறுதியை நம்பவேண்டாம், உறுதியிலேயே எழுதுவியுங்கள்.

"முழுப் பெறுமதிக்கும்" என்ற சொல்லை ஏன் சேர்த்தோம்? ஒரு கணக்கைப் பாருங்கள். கட்டிடத்தின் பெறுமதி 120 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தை மிச்சம் பிடிக்க முதலாளி 80 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறார். தீயில் 60 இலட்சம் நட்டம். 80 இலட்சத்துக்குள் அடங்கும் நட்டந்தானே, கம்பனி முழுவதும் கொடுக்கும் என்று எண்ணவேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு காப்புறுதிக்கு மூன்றில் இரண்டு பங்கு நட்டமே என்று 40 இலட்சத்தைக் கொடுக்கும். வாக்கியம் எதுவும் இல்லாவிடில் கம்பனியின் 40, முதலாளியின் 20, ஆக 60 இலட்சமும் குத்தகைக்காரரிடம் கேட்கப்படும். கம்பனியின் உரிமையை மட்டும் கைவிட்ட வாக்கியமானால் 20 இலட்சம் மிஞ்சும். முழுப் பெறுமதிக்கும் காப்புறுதி செய்யும் கடமையை முதலாளி ஏற்றிருந்தால், அந்த 20 இலட்சம் அவர் தம் கடமையில் தவறியதன் விலை என்று நாம் எதிர்த்து நிற்க முடியும். ஒரு சொல்லின் மதிப்பு 20 இலட்சம்!

முதலாளிமார் இதற்கு ஏன் இணங்கவேண்டும் என்று கேட்கலாம். இணங்காவிடில், வரிசையில் உள்ள ஒவ்வொரு கடைக்காரரும் அந்த ஒரே கூரைக்குத் தனித்தனியே பொறுப்புக் காப்புறுதி எடுக்கவேண்டும். ஒரே சுவருக்கு ஐந்து பேர் கட்டணம்! அச்செலவு இறுதியில் வாடகைப் பேச்சில்தான் வந்து நிற்கும். அன்றியும் தீக்குப் பின் கடையைத் திறந்து மீண்டும் வாடகை தரவேண்டியவரை வழக்கில் அழித்துவிட்டு முதலாளி யாரிடம் வாடகை வாங்குவார்? நாமும் நேர்மையாய் இருப்போம்: முதலாளி போட்ட பழைய மின்கம்பியால் நம் சரக்கு எரிந்தால், நம் காப்புறுதிக் கம்பனியும் அவரை விடவேண்டும் என்று எதிர்வாக்கியம் எழுத நாம் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

இவ்வாக்கியம் சர்வரோக நிவாரணி அன்று. வேண்டுமென்றே வைத்த தீயை அது காவாது. நம் சரக்கை அது காவாது. அதற்கு நாமே காப்புறுதி செய்யவேண்டும். தீ அடுத்தவர் கட்டிடத்துக்குப் பரவினால் அவரையும் அவர் கம்பனியையும் இவ்வாக்கியம் தடுக்காது. முதலாளி அடியோடு மறுத்தால், பொறுப்புக் காப்புறுதியை நாமே எடுப்பது தவிர வேறு வழியில்லை. லயன் அறைகளில் வாழும் நம் தோட்டத் தொழிலாளருக்கோ வாக்கியம் எழுதக் கையில் ஓர் உறுதியே இல்லை. அவர்களின் கூரைக்கு முதலில் உரிமைப் பத்திரம் வேண்டும்.

கையில் உறுதி உள்ளவர்கள் இன்றே அதை எடுத்துப் பாருங்கள். "எக்காரணம் பற்றியும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா? முதலாளியின் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை ஒருமுறையேனும் கண்டதுண்டா? எத்தனை இலட்சத்துக்கு என்று கேட்டதுண்டா? அடுத்த புதுப்பித்தலின்போது முற்பணத்தைப் பற்றி மட்டும் பேரம் பேசாதீர்கள். இவ்வாக்கியத்தை நொத்தாரிசிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். கட்டணம் செலுத்துகிறவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு.