ஏமாந்த பிறகும் சேமிப்பு மிஞ்சுமா? உச்சவரம்பும் தனிக் கணக்கும் செய்யக்கூடியவை

திருவனந்தபுரம்: கேரள, தமிழக எல்லையில் உள்ள செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளில் பல குடும்பங்களுக்கு ஒரே ஒரு வங்கிக் கணக்குதான் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணமும், ஓய்வூதியமும், வீடு கட்டச் சேர்த்த தொகையும் அதில்தான் சேருகின்றன. களியக்காவிளைச் சந்தையில் மீன் வாங்க கியூஆர் குறியீட்டைப் படம் பிடிக்கும் கைப்பேசியும் அதே கணக்கோடுதான் இணைந்திருக்கிறது. இணைய மோசடிகளில் சிக்காமல் இருப்பது எப்படி என்று நிறையப் பேசிவிட்டோம். சிக்கிய பிறகு எவ்வளவு போகும் என்பது மோசடிக்காரரின் திறமையை விட இந்த அமைப்பைப் பொறுத்தது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

2023 ஜூலையில் கோழிக்கோட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஒருவருக்கு வாட்ஸ்அப் காணொளி அழைப்பு வந்தது. திரையில் தெரிந்தது பழைய சக ஊழியரின் முகம், செயற்கையாக உருவாக்கப்பட்டது. உறவினரின் அறுவை சிகிச்சைக்கு என்று கேட்டதும் அவர் 40,000 ரூபாய் அனுப்பினார். சிறிது நேரத்தில் மேலும் 35,000 ரூபாய் கேட்கப்பட்டபோதுதான் சந்தேகம் வந்தது. உண்மையான நண்பரை அழைத்து விசாரித்தார், புகார் செய்தார். பணம் சென்ற மகாராஷ்டிரக் கணக்கை முடக்கி, கேரளக் காவல்துறை தொகையை மீட்டது.

இந்த வழக்கு போலி முகத்துக்காகவே பேசப்பட்டது. கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது கோரிக்கை. மோசடி ஒரே வீச்சில் முடிவதில்லை. முதல் தொகை வந்ததும் அடுத்தது கேட்கப்படும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் மனிதருக்குச் சுயநினைவு திரும்புகிறது. தினசரி உச்சவரம்பின் பயன், அந்த இடைவெளியைக் கட்டாயமாக்குவதுதான்.

நடைமுறையில் அது எப்படி இயங்குகிறது? தனிநபர்களுக்கு இடையே யுபிஐ வழியாக நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். ஐஎம்பிஎஸ் வழியில் ஒரே தடவையில் 5 லட்சம் வரை போகும். நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் இரவு பகல் பாராமல் இயங்குகின்றன. இவை மேல் எல்லைகள் மட்டுமே. வங்கியின் செயலியிலோ இணைய வங்கிப் பக்கத்திலோ வாடிக்கையாளர் இதைவிடக் குறைவான வரம்பை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பலர் தவறவிடும் ஒன்று: வரம்பு வழிக்கு வழி தனித்தனி. ஒரு குடும்பத்திடம் 6 லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். யுபிஐக்கு 10,000, இணைய வங்கிக்கு 25,000, அட்டையின் இணையவழிச் செலவுக்கு 5,000 என்று வரம்பு வைத்தால் ஒரே நாளில் போகக்கூடியது 10,000 அல்ல, 40,000. மேலும், பல வங்கிகளில் நாள் என்பது நள்ளிரவில் முடிகிறது. இரவு 11.30 மணிக்குத் தொடங்கும் மோசடி, ஒரு மணி நேரத்தில் இரண்டு நாள் வரம்பைக் காலி செய்துவிடும். ‘டிஜிட்டல் கைது’ கும்பல்கள் இரவு முழுவதும் காணொளி அழைப்பைத் துண்டிக்க விடாமல் வைத்திருப்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. வரம்பைக் குறைத்த அதே செயலியில், அதே ஓடிபி எண்ணைக் கொண்டு, சில நிமிடங்களில் அதை உயர்த்தவும் முடியும். மிரட்டலுக்குப் பணிந்தவர் அதையும் தம் கையாலேயே செய்துவிடுவார். ஆகவே வரம்பு ஒரு வேகத்தடை மட்டுமே. சுவராக இருக்கக்கூடியது தனிக் கணக்குதான்; அதுவும் உண்மையிலேயே தனியாக இருந்தால்.

ஒரே வங்கியில் இரண்டாவது கணக்கு தொடங்கினால், அது பெரும்பாலும் அதே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் அதே செயலியில் வந்து நிற்கும். இன்னொரு வங்கியில் தொடங்கி அதே கைப்பேசி எண்ணைக் கொடுத்தால், யுபிஐ செயலி அதையும் கண்டுபிடித்து இணைக்கத் தயாராக இருக்கும். வைப்புத்தொகையாகப் போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பல வங்கிகளில் முதிர்வுக்கு முன்பே செயலியிலேயே அதை முடித்துக்கொள்ளலாம். தானாக வைப்புக்கு மாறும் ‘ஸ்வீப்’ வசதி உள்ள கணக்கில் நிலைமை இன்னும் மோசம். சேமிப்பில் பணம் குறைந்தால் வைப்பு தானாகவே உடைந்து வந்து நிரப்பும். வட்டிக்காக ஏற்படுத்திய வசதி, மோசடிக்காரருக்கு வாசலாகிவிடுகிறது.

எனவே சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருக்கட்டும். அதற்கு டெபிட் அட்டை வேண்டாம், யுபிஐ இணைப்பு வேண்டாம். இணைய வங்கி வேண்டுமானால் இருப்பைப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் தொடங்கி, ‘இருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. ‘இருவரில் ஒருவர்’ என்ற வழக்கமான முறையில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மேலே சொன்ன குடும்பம் இப்படி 5.6 லட்சத்தை ஒதுக்கி, அன்றாடக் கணக்கில் 40,000 மட்டும் வைத்தால், வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் போகக்கூடியது அந்த 40,000 தான்.

இந்தப் படிப்பினை சிங்கப்பூரில் பெருவிலை கொடுத்துக் கற்கப்பட்டது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தனர். அதன்பின் 100 டாலர் அல்லது அதற்கும் குறைவான தொகை போனாலே எச்சரிக்கை வரும் ஏற்பாடும், புதிய கைப்பேசியில் அங்கீகாரக் குறியீடு இயங்கக் குறைந்தது 12 மணி நேரக் காத்திருப்பும் கொண்டுவரப்பட்டன. 2023 நவம்பரில் மூன்று பெரிய வங்கிகள், இணையவழியில் வெளியே எடுக்க முடியாதபடி பணத்தைப் பூட்டிவைக்கும் கணக்குகளை அறிமுகப்படுத்தின. பூட்டுவது செயலியில் முடியும். திறக்க நேரில் போக வேண்டும். சிரமம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

எச்சரிக்கைச் செய்தி பணத்தைத் தடுப்பதில்லை, கடிகாரத்தைத் தொடங்கிவைக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரோ வங்கியோ காரணமில்லாமல் மூன்றாம் தரப்புக் குறைபாட்டால் பணம் போயிருந்தால், செய்தி கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ஓடிபியைத் தாமே சொல்லியிருந்தால் புகார் செய்யும் வரையிலான இழப்பு அவருடையது. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பத்து நிமிடத் தாமதத்துக்கும் விலை உண்டு என்பது இதன் பொருள்.

சில வங்கிகள் சிறு தொகைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டன. எனவே செயலி, மின்னஞ்சல் அறிவிப்புகளையும் இயக்கிவைக்க வேண்டும். பணம் போன செய்தியை விட முக்கியமானவை அதற்கு முன்னால் வருபவை: புதிய பயனாளி சேர்க்கப்பட்டார், வரம்பு உயர்த்தப்பட்டது, வைப்பு முடிக்கப்பட்டது. திருட்டுச் செயலி புகுந்த கைப்பேசியில் இந்தச் செய்திகள் மறைக்கப்படலாம் என்பதால், கூட்டுக் கணக்கின் இன்னொருவர் எண்ணுக்கும் அவை போவது நல்லது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. இரவில் நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவமனைக்கு ஓட வேண்டிவந்தால் பூட்டிய பணம் உதவாது. அன்றாடக் கணக்கின் தொகையை அதையும் எண்ணியே முடிவு செய்ய வேண்டும். மிரட்டப்பட்டவர் கிளைக்கே சென்று பணம் அனுப்புவதும் நடக்கிறது. அங்கே இரண்டாவது கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் ஊழியர் “யாருக்கு அனுப்புகிறீர்கள்?” என்று கேட்க வாய்ப்பாவது இருக்கும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். வீடு கேரளத்தில், வங்கிக் கிளை தமிழகத்தில் என்றாலும் எண் அதுவே. வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம் ஆகியவற்றோடு பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணும் கேட்கப்படும். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண். எச்சரிக்கைச் செய்தியிலேயே இருக்கும், அதை அழித்துவிடக் கூடாது.