வயதுக்கேற்ற கண்டிப்பு

“அடியாத மாடு படியாது” என்பார் தாத்தா. “சின்னப் பிள்ளைதானே, விடு” என்பார் பாட்டி. பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பதா, செல்லம் கொடுத்து வளர்ப்பதா என்ற வாதம் பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. ஆனால், அந்த வாதத்தில் பெரும்பாலும் ஒன்று விடுபட்டுப் போகிறது. அதுதான் பிள்ளையின் வயது.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரின்ட் 1960களில் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து, வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். முதலாவது கண்டிப்பு முறை. இதில் விதி உண்டு, விளக்கம் இல்லை. “நான் சொன்னால் சொன்னதுதான்” என்பதே இதன் குரல். இரண்டாவது தளர்வு முறை. இதில் அன்பு நிறைய உண்டு, வரம்பு குறைவு. மூன்றாவது வழிநடத்தும் முறை. இதில் விதி உறுதியாக இருக்கும். அதற்கான காரணமும் சொல்லப்படும். பிள்ளையின் பேச்சுக்கும் இடமிருக்கும். மூன்றாவதே பொதுவாக நல்ல பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், அந்த முறையும் இரண்டு வயதில் ஒரு விதமாகவும் பதினைந்து வயதில் வேறு விதமாகவும் இருந்தால்தான் பயன் தரும்.

எடுத்துக்காட்டாக, ஓர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, எட்டு வயது மகன், பதினைந்து வயது மகள் என மூன்று பிள்ளைகள் இருப்பதாகக் கொள்ளலாம். மூவருக்கும் பெற்றோருடன் வரும் சண்டை ஒன்றுதான்: கைப்பேசி.

இரண்டு வயதுக் குழந்தை சாப்பிடும்போது கைப்பேசியில் படம் பார்க்கக் கேட்டு அழுகிறது. தந்தை அதட்டினால் குழந்தை பயந்து அடங்கலாம். ஆனால், அது கற்றுக்கொள்வது பயத்தை மட்டுமே. காரணம் அதற்கு விளங்காது. பத்து நிமிட அழுகைக்குப் பிறகு தாய் மனமிரங்கிக் கைப்பேசியைக் கொடுத்தால், பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். மறுநாள் அழுகை இன்னும் நீளும். அதே வேளையில், கண் கெட்டுவிடும் என்று நீண்ட விளக்கம் கொடுப்பதும் வீண். இந்த வயதில் வழிநடத்துவது என்பது பேச்சைவிடச் செயலையே சார்ந்தது. கைப்பேசி சாப்பாட்டு மேசைக்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி இல்லை” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, “சிவப்புக் கிண்ணமா, நீலக் கிண்ணமா?” என்று சிறிய தேர்வு ஒன்றைக் கொடுக்கலாம். முதல் சில நாள்களில் அழுகை குறைவதற்குப் பதிலாகக் கூடக்கூடும். முறை தவறிவிட்டது என்று எண்ணிப் பெற்றோர் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். வீட்டிலுள்ள அனைவரும் சில நாள் உறுதியாக இருந்தால் அழுகை பெரும்பாலும் தணிந்துவிடும்.

எட்டு வயது மகனின் நிலை வேறு. அவனுக்குக் காரணம் புரியும், நியாயமும் தெரியும். வீட்டுப்பாடம் முடித்த பிறகு அரை மணி நேரம் விளையாடலாம் என்பது விதி. அதை மீறினால் மறுநாள் விளையாட்டு இல்லை என்பதும் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். விளைவு சிறியதாகவும் தவற்றோடு தொடர்புடையதாகவும் இருந்தால் அவன் அதை ஏற்றுக்கொள்வான். மாறாக, அன்றைய கோபத்துக்கு ஏற்ப ஒரு மாதத் தடை விதித்தால், தவற்றைத் திருத்திக்கொள்வதைவிட மறைப்பதையே அவன் கற்றுக்கொள்வான். புத்தகப் பையின் அடியில் மடித்து ஒளித்து வைக்கப்பட்ட சொல்வதெழுதுதல் தாள், கண்டிப்பு அளவு மீறிவிட்டதற்கு ஓர் அடையாளம். தளர்வு முறையின் அடையாளம் வேறு. ஒவ்வொரு விதிக்கும் “இன்னும் ஐந்து நிமிடம்” என்ற பேரம் நடந்துகொண்டே இருக்கும்.

பதினைந்து வயதில்தான் பெற்றோரின் கணக்கு பெரிதும் தவறுகிறது. எட்டு வயதில் பலித்த கண்டிப்பையே அவர்கள் மேலும் இறுக்குகிறார்கள். மகளின் கைப்பேசியைப் பிடுங்கிக் குறுஞ்செய்திகளைப் படிக்கிறார்கள். அவளோ வேறொரு கணக்கைத் திறந்துகொள்கிறாள். சுவீடனில் 14 வயதினரிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, கண்காணிப்பால் கிடைத்ததன்று. பிள்ளைகள் தாமாகச் சொன்னதால் கிடைத்தது. அப்படியானால், பிள்ளை வாய்திறந்து பேசும் வீடே அதிகம் அறிந்த வீடு.

அதற்காக வரம்பையே நீக்கிவிட முடியாது. பதின்ம வயதினருக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறு மணிக்கு எழும் மகள் நள்ளிரவு வரை கைப்பேசியோடு இருந்தால், அவளுக்கு ஆறு மணி நேரமே மிஞ்சும். “வளர்ந்த பிள்ளை, அவளுக்கே தெரியும்” என்று விட்டுவிடும் பெற்றோர், அவளை அந்தச் சோர்வோடு தனியே விடுகிறார்கள்.

இங்கே வழிநடத்துவது என்பது விதியைச் சேர்ந்து உருவாக்குவதாகும். தாய் முதலில் காரணத்தைக் கேட்கிறார். இணைப்பாட நடவடிக்கை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகே குழுவேலை பற்றிப் பேச முடிகிறது என்கிறாள் மகள். எட்டு மணி நேரத் தூக்கத்தில் பேரம் இல்லை என்கிறார் தாய். குழுவினர் ஒன்பது மணிக்குள் பேசி முடிப்பது, பள்ளி நாள்களில் ஒன்பதே முக்காலுக்குக் கைப்பேசியை வரவேற்பறையில் மின்னூட்டம் செய்ய வைப்பது, வார இறுதியில் கூடுதலாக ஒரு மணி நேரம் என முடிவாகிறது. பெற்றோரின் கைப்பேசிகளும் அதே இடத்தில் வைக்கப்படும். இரண்டு வாரம் கழித்து ஏற்பாட்டை மீண்டும் பார்ப்பதென இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். மகள் சொன்ன நேரத்தைக் காப்பாற்றினால் சுதந்திரம் கூடும், தவறினால் குறையும். எனவே, பொறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. எதையும் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் எதிர்பார்க்கும் பிள்ளை, பெற்றோரைக் கண்காணிப்பின் பக்கமே தள்ளுகிறது.

கண்டிப்பான பெற்றோர் எல்லாரும் அன்பில்லாதவர்கள் என்று முடிவு கட்டுவதும் தவறு. சீனக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் சாவ் என்னும் உளவியலாளர், அங்கே கண்டிப்பு என்பது பிள்ளையைப் பயிற்றுவிக்கும் அக்கறையாகவும் கருதப்படுகிறது என்று 1994இல் எழுதினார். தமிழ்க் குடும்பங்களிலும் “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்பார்கள். ஆனால், அணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு அடியை விட்டுவிட முடியும். சாலையில் ஓடும் குழந்தையைச் சட்டென்று பிடித்து இழுப்பதுபோல், விளக்கத்துக்கு நேரமில்லாத கண்டிப்பும் சில வேளைகளில் தேவைதான். அது அன்றாட வழக்கமாகிவிடக் கூடாது.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று கேட்ட முன்னோரே, “தோளுக்கு மிஞ்சினால் தோழன்” என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றியவைதாம், வயதுதான் வேறு. குழந்தைக்குப் பெற்றோர் வரம்பை அமைத்துத் தர வேண்டும். சிறுவனுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டும். பதின்ம வயதினரோடு அதைப் பேசி வகுக்க வேண்டும். எட்டு வயதுக்குரிய கண்டிப்பைப் பதினைந்து வயதிலும் தொடரும் பெற்றோர், வெகுவிரைவில் பிள்ளையின் குரலைக் கேட்க முடியாமல் போய்விடும்.